பில் எண் 118: ஒரு மன்னிப்புச் செய்தியின் கணக்கு

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு பட்டறை. அதன் ஜிஎஸ்டி கணக்குகளைப் பார்ப்பது ஒரு கணக்கர் அலுவலகம். இரண்டுமே இந்தக் கட்டுரைக்கான கற்பனைதான். ஆனால் இவர்களுக்கு நேரப்போவது தமிழ்நாட்டில் எந்தத் தொழில் நகரத்திலும் மாதாமாதம் நடக்கக்கூடியது.

செப்டம்பர் 16ஆம் தேதி காலையில் பட்டறைக்காரருக்கு அவரிடம் சரக்கு வாங்கிய நிறுவனத்திலிருந்து போன் வருகிறது. “உங்க ஆகஸ்ட் பில் எங்க 2பியில வரலைங்க. அது வர்ற வரைக்கும் வரித் தொகையை நிறுத்தி வைக்கிறோம்.” பில்லின் மதிப்பு 4 லட்சம் ரூபாய், அதற்கு 18 சதவீத வரி 72,000. மொத்தம் 4,72,000 வர வேண்டிய இடத்தில் 4 லட்சம்தான் வந்திருக்கிறது. அவர் உடனே கணக்கர் அலுவலகத்தைக் கூப்பிடுகிறார். அங்கே ஒருவர் கணினியைத் திறந்து பார்க்கிறார். பில் ஏற்றப்பட்டிருக்கிறது, தொகையும் சரி, தேதியும் சரி. வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் மட்டும் வேறு யாருடையதோ.

இப்போது அலுவலகம் வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி எழுத வேண்டும். எட்டுப் பத்து வரிக்கு மேல் போகாத செய்திதான். தவறு எங்களுடையது, இப்படிச் சரிசெய்கிறோம், இந்தத் தேதிக்குள் சரியாகும் என்ற மூன்றையும் அது சொன்னால் போதும். கேட்பதற்கு எளிது. ஆனால் மூன்றாவதை உண்மையாகச் சொல்ல வேண்டுமானால், எழுதுவதற்கு முன் கொஞ்சம் வேலை இருக்கிறது. பெரும்பாலான மன்னிப்புச் செய்திகள் கெட்டுப்போவது அந்த வேலையைச் செய்யாததால்தான்.

முதலில் தவறு எப்படி நடந்தது என்று பார்க்கலாம். விற்றவர் ஒவ்வொரு மாதமும் தன் விற்பனை பில்களை ஜிஎஸ்டிஆர்-1 என்ற படிவத்தில் ஏற்ற வேண்டும். மாதாந்திரத் தாக்கல் செய்பவருக்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி கெடு. 14ஆம் தேதி போர்ட்டல் அந்த பில்களை எல்லாம் தொகுத்து, வாங்கியவரின் பக்கத்தில் 2பி என்ற பட்டியலாகக் காட்டும். அதில் இருக்கும் வரியைத்தான் அவர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, 20ஆம் தேதிக்குள் போடும் 3பியில் தான் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2பியில் பில் இல்லையென்றால் கழிக்க முடியாது, அந்தப் பணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். பல நிறுவனங்கள் வரிப் பகுதியை மட்டும் நிறுத்தி வைப்பதற்கு இதுதான் காரணம்.

அலுவலகத்தில் பில்லைப் பதிவு செய்தவர் வாங்கியவர் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்திருப்பார். ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு பெயர்களில் மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்திருப்பார். அந்த இன்னொரு எண்ணும் செல்லுபடியாகும் எண்தான் என்பதால் போர்ட்டல் ஏற்றுக்கொண்டது. பில்களின் எண்ணிக்கை, விற்பனை மொத்தம், வரி மொத்தம் எல்லாமே பொருந்தின. கூட்டிப் பார்த்துச் சரிபார்க்கும் எந்தச் சோதனையிலும் இந்தத் தவறு சிக்காது. வாங்கியவர் தன் 2பியைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். அதாவது, வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியவரும். செய்தி எழுதும்போது கை கூசுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அந்தக் கூச்சத்தில் முதலில் எழுத வருவது அனேகமாக இப்படித்தான் இருக்கும்:

“வணக்கம் சார். தங்கள் ஆகஸ்ட் மாதத் தாக்கலில் தொழில்நுட்பக் காரணங்களால் ஒரு சிறு பிழை நேர்ந்துள்ளது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். விரைவில் சரிசெய்யப்படும்.”

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்த பட்டறைக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. எந்த பில், யார் செய்த பிழை, விரைவில் என்றால் நாளையா, தீபாவளிக்கா? தன் 72,000 ரூபாயைப் பற்றிய விஷயத்தை யாரோ ‘சிறு’ பிழை என்று சொல்வதும் அவருக்குப் பிடிக்காது. சிறிதா பெரிதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். தொழில்நுட்பக் காரணம் என்பது பொய்யும்கூட. போர்ட்டல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இன்னும் மோசமான ஒரு வகை உண்டு. “கவலைப்படாதீங்க சார், நாளைக்கே மாத்திடறோம்” என்பது. அந்த நிமிடத்தில் வாடிக்கையாளருக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் நாளைக்கு மாற்றவே முடியாது, அதுதான் சிக்கல்.

ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்த பிறகு அதே மாதத்துக்குள் திருத்த, 2024இல் ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற படிவம் வந்தது. 3பி போடுவதற்கு முன் விட்டுப்போன பில்லைச் சேர்க்கலாம், தொகையைத் திருத்தலாம். இதைக் கேள்விப்பட்ட எவரும் “இன்னும் 20ஆம் தேதி ஆகலையே, 1ஏவில் மாத்திடலாம்” என்றுதான் நினைப்பார்கள். ஆனால் வாங்கியவரின் ஜிஎஸ்டி எண்ணை மட்டும் 1ஏவில் மாற்ற முடியாது. அதற்கு அடுத்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-1இல், 9ஏ என்ற திருத்த அட்டவணையில்தான் இடம். செப்டம்பர் மாதத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 அந்த மாதம் முடிந்த பிறகுதான் தாக்கலாகும். ஆக, அக்டோபர் பிறக்கும் வரை கணக்கர் தலைகீழாக நின்றாலும் வாங்கியவரின் பக்கத்தில் எதுவும் மாறாது.

குறுக்கு வழி ஏதாவது உண்டா? அந்த பில்லுக்கு கிரெடிட் நோட் போட்டுவிட்டு, செப்டம்பர் தேதியில் புது பில் கொடுக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்தப் புது பில்லும் செப்டம்பர் ஜிஎஸ்டிஆர்-1இல்தான் ஏறும், அதே அக்டோபர் 14 அன்றுதான் 2பியில் வரும். ஒரு நாள்கூட மிச்சமாகாது. போதாததற்கு, ஆகஸ்டில் போன சரக்குக்குச் செப்டம்பரில் பில் ஏன் என்று பின்னால் விளக்க வேண்டியிருக்கும். 9ஏவில் திருத்துவதுதான் நேர் வழி.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகுதான் தேதியை எழுத முடியும். வாடிக்கையாளருக்கு அதுவரை பதில் சொல்லாமல் இருக்கலாமா என்றால், கூடாது. “பில் 118இல் தவறு இருப்பது தெரிகிறது. என்ன செய்ய முடியும் என்று பார்த்துவிட்டு மாலை 4 மணிக்குள் முழு விவரம் சொல்கிறோம்” என்று இரண்டு வரி உடனே போகலாம். அதில் கொடுக்கும் வாக்கு, பதில் வரும் நேரத்தைப் பற்றியது மட்டும். அதைக் காப்பாற்றுவது அலுவலகத்தின் கையில் இருக்கிறது.

மாலையில் போக வேண்டிய செய்தி இதுபோல இருக்கலாம்:

“வணக்கம் சார். உங்கள் பில் எண் 118ஐ (ஆகஸ்ட் 22, ரூ.4,72,000) ஆகஸ்ட் மாத ஜிஎஸ்டிஆர்-1இல் நாங்கள் வேறொரு ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றிவிட்டோம். நீங்கள் கொடுத்த பில்லில் எண் சரியாகவே இருந்தது. தவறு எங்களுடையது, மன்னிக்க வேண்டும். இதனால்தான் ரூ.72,000 வரி அவர்களுடைய 2பியில் வரவில்லை.

வாங்கியவரின் எண்ணைச் செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1இல்தான் திருத்த முடியும், அதற்கு முன் போர்ட்டலில் வழியில்லை. செப்டம்பர் பில்களை அக்டோபர் 5க்குள் அனுப்பிவிடுங்கள். 8ஆம் தேதிக்குள் திருத்தத்தோடு தாக்கல் செய்து, அந்தப் பக்கத்தை உங்களுக்கு அனுப்புகிறோம். அக்டோபர் 14 அன்று அவர்களுடைய 2பியில் வரும், 20ஆம் தேதிக்குள் போடும் 3பியில் எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கட்ட வேண்டிய வரியில் மாற்றம் இல்லை. ஆகஸ்டின் மற்ற 41 பில்களையும் இன்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டோம், எல்லாம் சரியான எண்ணில் இருக்கின்றன.”

இதில் சொற்களைவிட, எது இருக்கிறது, எது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

“நீங்கள் கொடுத்த பில்லில் எண் சரியாகவே இருந்தது” என்ற வரி பணிவுக்காகச் சேர்த்தது அல்ல. இந்தச் செய்தி பட்டறைக்காரரிடமே நின்றுவிடாது. படித்து முடித்த அடுத்த நிமிடம் அவர் அதைச் சரக்கு வாங்கியவருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்வார். அங்கே அவர் பெயர் காப்பாற்றப்பட வேண்டும். அலுவலகம் தன் மேல் பழியை எடுத்துக்கொண்டது எழுத்தில் இருந்தால், அவர் ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகம் அங்கே எழாது. ஃபார்வர்டு ஆகும் என்பதால்தான் இன்னொரு விஷயம் செய்தியில் இல்லை. பில் யாருடைய எண்ணில் தவறாகப் போனதோ அந்த நிறுவனத்தின் பெயர். அவரும் பட்டறையின் வாடிக்கையாளர். யார் யாருக்கு விற்கிறார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பெயரைப் போனில் சொல்லிவிட்டு, “உங்க 2பியில் வராத சரக்குக்கு ஒரு பில் இருக்கும், அதை எடுத்துக்காதீங்க” என்று அவரிடம் பட்டறைக்காரரையே சொல்லச் சொல்லலாம். அவர் அனுமதி இல்லாமல் அலுவலகம் நேரே பேசுவது முறையல்ல.

8ஆம் தேதி எங்கிருந்து வந்தது? 11 கெடு. 11க்குள் எந்த நாளில் போட்டாலும் 2பி வருவது 14ஆம் தேதிதான். எனவே 3ஆம் தேதி முடிப்போம் என்று வீராப்பாக எழுதுவதால் பட்டறைக்காரருக்கு ஒரு பைசா லாபமில்லை. திருத்தம் தனியாகப் போவதில்லை, செப்டம்பர் பில்கள் மொத்தமும் தயாரானால்தான் போகும். அந்த பில்கள் வர வேண்டியதோ அவரிடமிருந்துதான். ஆயுத பூஜை, காந்தி ஜெயந்தி என்று விடுமுறை வரும் நேரம் வேறு. 5, 8, 11 என்ற இடைவெளி அதற்காக. தவறு செய்தவர்கள் வாடிக்கையாளரிடம் ஒரு வேலை சொல்வதா என்று சிலர் தயங்குவார்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கும்போது அதை மறைத்தால், 10ஆம் தேதி இரவு இரண்டு பேரும் சேர்ந்து தவிக்க வேண்டிவரும்.

மற்ற 41 பில்கள் பற்றிய வரிதான் இந்தச் செய்தியிலேயே அதிக உழைப்பு கேட்பது. ஒரு தவறைக் கண்டதும் வாடிக்கையாளர் மனதில் எழும் அடுத்த கேள்வி, இன்னும் எத்தனை இருக்கிறதோ என்பது. அதற்கு “இனி கவனமாக இருப்போம்” பதிலாகாது. உட்கார்ந்து, அசல் பில்லையும் ஏற்றிய எண்ணையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அந்த வரியை எழுத முடியும். பார்க்காமல் எழுதி, அடுத்த வாரம் இன்னொரு போன் வந்தால், அதற்குப் பிறகு எழுதும் எந்த மன்னிப்பையும் அவர் படிக்கமாட்டார்.

மன்னிப்பின் பகுதிகளில் எது எடுபடுகிறது என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் அவருடைய சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 755 பேரிடம் மன்னிப்பின் ஆறு கூறுகளைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். வருத்தம் தெரிவித்தல், என்ன நடந்தது என்று விளக்குதல், பொறுப்பை ஏற்றல், மீண்டும் நடக்காது என்று உறுதி கூறுதல், சரிசெய்ய முன்வருதல், மன்னித்துவிடும்படி கேட்டல் ஆகியவை அந்த ஆறு. பொறுப்பை ஏற்பது முதலிடத்தில் வந்தது, சரிசெய்ய முன்வருவது அடுத்து. கடைசியில் நின்றது மன்னித்துவிடும்படி கேட்பது. நம் வழக்கத்தில் “பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்குங்க” என்று நான்கு முறை சொல்வதுண்டு. அதை நேரில் சொல்வதில் ஒரு அழகு இருக்கிறது. எழுத்தில் ஒரு முறை போதும்.

இதற்கும் முந்தைய இன்னொரு ஆய்வு கணக்கர்களுக்கென்றே செய்தது போலிருக்கும். பீட்டர் கிம் உள்ளிட்டோர் 2004இல் வெளியிட்டது அது. கணக்கர் வேலைக்கு வந்த ஒருவரின் நேர்காணல் காணொளியைப் பங்கேற்றவர்களுக்குக் காட்டினார்கள். முந்தைய வேலையில் அவர் ஒரு வரித் தாக்கலைத் தவறாகச் செய்தார் என்பது குற்றச்சாட்டு. வரி விதிகள் போதுமான அளவு தெரியாமல் செய்த தவறு என்று சொல்லப்பட்டபோது, அவர் மன்னிப்புக் கேட்டால் நம்பிக்கை அதிகம் மீண்டது. வேண்டுமென்றே செய்தார் என்று சொல்லப்பட்டபோது மன்னிப்பு அவ்வளவு உதவவில்லை. திறமைக் குறைவை ஒப்புக்கொண்டால் அடுத்த முறை திருந்துவார் என்று மக்கள் நினைக்கிறார்கள், நேர்மைக் குறைவை ஒப்புக்கொண்டால் ஆளே இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறார்கள் என்பது அதன் விளக்கம். பில் 118 முதல் வகை. அங்கே ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று எழுதி, பின்னால் உண்மை தெரிந்தால், கைத்தவறாக இருந்தது நேர்மைத் தவறாக மாறிவிடும்.

சுருக்கமாக எழுதுவதற்கு ஜப்பானிய உதாரணம் ஒன்று பிரபலம். 2017 நவம்பர் 14 அன்று சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று மினாமி நகரெயாமா நிலையத்திலிருந்து 9 மணி 44 நிமிடம் 40 விநாடிக்குப் பதில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. ரயில் நிறுவனம் அறிக்கை விட்டது. எந்த ரயில், எங்கே, எத்தனை விநாடி, ஊழியர் நேரத்தைச் சரியாகப் பார்க்காததுதான் காரணம், பயணிகளிடமிருந்து புகார் வரவில்லை, ஊழியர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறோம் என்று எல்லாம் அதில் இருந்தது. உலகமே சிரித்தது. 20 விநாடிக்கு இது அதிகம்தான். ஆனால் காரணத்தை ரயில் மேலோ சிக்னல் மேலோ போடாமல் தங்கள் ஊழியர் மேல் வைத்தார்களே, அந்த நேர்மையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். நடந்ததை ஒப்புக்கொள்வது வேறு, அதனால் வரும் நஷ்டம் முழுவதையும் ஏற்கிறோம் என்று எழுதிக் கொடுப்பது வேறு. பிரிட்டனில் 2006இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தின்படி, மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது. இந்தியாவில் எழுத்தில் ஒப்புக்கொண்டதை எதிர்த்தரப்பு சான்றாகக் காட்டலாம். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கும் அலுவலகங்களின் பாலிசியில், காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்கக் கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். தொகை பெரிதென்றால் முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது. மேலே உள்ள செய்தியில் இழப்பீடு பற்றி ஒரு சொல்லும் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நஷ்டம் இல்லாமல் இல்லை. 72,000 ரூபாய் ஏறத்தாழ ஒரு மாதம் முடங்குகிறது. பட்டறைக்காரர் வங்கிக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கட்டுபவர் என்றால், மாதத்துக்கு 720 ரூபாய். கணக்கு இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு, அந்த மாதத் தாக்கல் கட்டணத்தை வாங்காமல் விடுவதாகப் போனில் சொல்லலாம். முதல் செய்தியிலேயே எழுதினால், காசைக் கொடுத்து வாயை அடைப்பது போலாகும். நஷ்டம் 720தானா என்பதும் அப்போது தெரியாது. பணம் வராததால் அவர் வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியதைத் தவறவிட்டிருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதும் இந்தத் தவறின் தன்மையிலிருந்தே வருகிறது. மொத்தத் தொகையைச் சரிபார்ப்பதால் பயனில்லை என்று பார்த்தோம். தாக்கல் செய்வதற்கு முன் பெயர் வாரியாக, ஜிஎஸ்டி எண்ணோடு ஒரு பட்டியலை வாடிக்கையாளருக்கு அனுப்பி, “சரி” என்று பதில் வந்த பிறகு போடலாம். தான் யாருக்கு எவ்வளவு விற்றோம் என்பது பட்டறைக்காரருக்கு மனப்பாடம். கணக்கர் தவறவிட்டதை அவர் கண் பிடித்துவிடும். இதைச் செய்யப்போகிறோம் என்றால், அக்டோபர் 8ஆம் தேதி அனுப்பும் செய்தியில் எழுதலாம். செய்யப்போவதில்லை என்றால் எழுதாமல் விடுவதே மேல்.

அந்த 8ஆம் தேதிச் செய்தியும், 14ஆம் தேதி இன்னொன்றும் பாக்கி இருக்கின்றன. பலர் கோட்டை விடும் இடம் இதுதான். 9ஏவில் திருத்தும்போது பழைய பில் எண்ணையும் தேதியையும் அசலில் இருப்பதுபோல் கொடுக்க வேண்டும், அதிலும் கை தவறலாம். தாக்கல் ஆனதற்கான ஒப்புகை எண் வந்துவிட்டது என்பதற்காகத் திருத்தம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வாங்கியவரின் பக்கத்தில் பில் தெரிகிறதா என்பதே சோதனை. இப்போது போர்ட்டலில் உள்ள பில் மேலாண்மைப் பகுதியில், 14ஆம் தேதிக்கு முன்பே வாங்கியவரால் அதைப் பார்க்க முடியும். 8ஆம் தேதி தாக்கல் செய்துவிட்டு, “அவங்களைப் பார்க்கச் சொல்லுங்க சார்” என்று கேட்டால், ஏதாவது தவறியிருந்தாலும் 14க்கு முன்பே தெரிந்துவிடும். அந்த பில் மேல் அவர்கள் என்ன நடவடிக்கை எடுத்தாலும் அது வேறு கணக்கு, பில் அங்கே இருக்கிறது என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதையும் தவறவிட்டால்? சட்டம் கொஞ்சம் தாராளம்தான். ஒரு நிதியாண்டின் பில்களை அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை திருத்தலாம், அதற்குள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அதுவரைதான். அந்தத் தேதி தாண்டினால், பட்டறைக்காரருக்கு வர வேண்டிய 72,000 ரூபாயைத் திருத்தி வாங்கித் தர போர்ட்டலில் வழி கிடையாது.